டாலர் ரூபாயாக வந்தால் ஏற்றுமதி இல்லையா?

கோவையிலிருந்து இணையப் பக்கங்கள் வடிவமைத்துத் தரும் ஒரு தங்கை போனில் கேட்டாள்: "அண்ணா, எனக்கு வேலை கொடுப்பது ஜெர்மனி கம்பெனி. ஆனா பாஸ்புக்ல ரூபாய்தான் வருது, அதுவும் நெஃப்ட்னு. இது ஏற்றுமதி இல்லைன்னு சொல்றாங்களே?"

பத்து வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். இந்தக் குழப்பம் எனக்கும் இருந்தது. சட்டம் பார்ப்பது பாஸ்புக்கை அல்ல, பணம் எந்த வடிவில் நாட்டுக்குள் நுழைந்தது என்பதை. ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 2(6) பிரிவுப்படி, வேலை செய்பவர் இந்தியாவிலும் வாங்குபவர் வெளிநாட்டிலும் இருக்க வேண்டும். சேவை சேரும் இடமும் வெளிநாடாக இருக்க வேண்டும். இருவரும் ஒரே நிறுவனத்தின் இரு கிளைகளாக இருக்கக் கூடாது. பணம் அந்நியச் செலாவணியாக வர வேண்டும். ரிசர்வ் வங்கி அனுமதித்த இடங்களில் ரூபாயும் செல்லும்.

தங்கை 2,000 டாலருக்குப் பில் போட்டிருந்தாள். பணம் அனுப்பும் தளம் 40 டாலர் பிடித்துக்கொண்டது. மீதி 1,960 டாலரை அதன் வங்கி ரூபாயாக மாற்றி உள்நாட்டுப் பரிமாற்றமாக அவள் கணக்கில் போட்டது. உள்ளே வந்தது டாலர்தான் என்பதால் இது ஏற்றுமதியே. ஏற்றுமதி மதிப்பு முழு 2,000. அந்த 40 அவளுடைய செலவு. ஆனால் இதற்கு பாஸ்புக் வரி சாட்சி ஆகாது. டாலர் தொகையும் காரணக் குறியீடும் உள்ள 'ஃபிரா' என்ற வரவுச் சான்றைத் தளத்திடம் கேட்டு வாங்க வேண்டும்.

அதே ஜெர்மனி கம்பெனியின் சென்னைக் கிளை நிறுவனம் அவளோடு ஒப்பந்தம் போட்டு, வேலையை வாங்கி, ரூபாயில் கொடுத்தால் கதையே வேறு. வாங்குபவர் இந்தியாவில் இருக்கிறார். பதிவு செய்தவர் அந்தப் பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டாக வேண்டும்.

"ஏற்றுமதிக்கு வரி இல்லையே, பதிவு எதுக்கு?" என்றாள். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அந்தக் கணக்கில் ஏற்றுமதியும் சேரும். பதிவு செய்தவர் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் RFD-11 படிவத்தில் 'எல்.யு.டி.' என்ற உறுதிமொழி கொடுத்தால், வரி கட்டாமலே பில் போடலாம். கொடுக்காவிட்டால் வரியைக் கட்டிவிட்டு, பிறகு திரும்பக் கேட்டு அலைய வேண்டும். வருமான வரி இதற்கெல்லாம் தனி; ஏற்றுமதி என்பதால் அது விடாது.

அடுத்த வாரம் நான்கு சான்றுகளை அனுப்பினாள். மூன்று சரி. நான்காவதில் காரணம் P1301 என்றிருந்தது. அது வெளிநாட்டுச் சொந்தக்காரர் குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணத்துக்கான குறியீடு. பில்லையும் ஒப்பந்தத்தையும் இணைத்து, திருத்தித் தரச் சொல்லி வங்கிக்கு எழுதச் சொன்னேன். இன்னும் பதில் வரவில்லை.