ஊசிமுனையாகச் சுருங்கும் கண்பாவை

இதயம், கண்பாவை, குடல் மூன்றையும் மனிதரின் விருப்பத்தைக் கேளாமல் இயக்குவது தானியங்கு நரம்பு மண்டலம். அதில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஆபத்து வரும்போது பரிவு நரம்புகள் ஓங்கும். உண்டு ஓய்ந்திருக்கும்போது எதிர்ப்பரிவு நரம்புகள் ஓங்கும்.

நரம்பின் தொடர்பே இல்லாவிட்டாலும் இதயம் துடிக்கும், அதுவும் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை. மாற்று இதயம் பொருத்தப்பட்டவரின் நாடி ஓய்விலும் வேகமாக இருப்பது இதனால்தான். மற்றவர்களுக்கு அது 70 அளவில் நிற்கக் காரணம், வேகஸ் என்னும் எதிர்ப்பரிவு நரம்பு இடைவிடாமல் அடக்கிவைப்பது. மாடிப்படி ஏறத் தொடங்கியதும் முதலில் இந்தப் பிடிதான் தளரும். பரிவு நரம்பின் உந்துதல் சற்றுப் பின்னால் வரும்.

கண்ணில் ஏற்பாடு வேறு. பாவையைச் சுற்றி வளையமாக ஒரு தசையும், ஆரங்களைப் போல விரிந்த மற்றொரு தசையும் இருக்கின்றன. எதிர்ப்பரிவு நரம்பு வளையத்தை இறுக்கினால் பாவை சுருங்கும். பரிவு நரம்பு ஆரத்தசையை இழுத்தால் விரியும். குடலுக்கோ சொந்தமாகவே ஒரு நரம்பு வலை உண்டு. அதன் அசைவையும் சுரப்பையும் எதிர்ப்பரிவு நரம்பு கூட்டும், பரிவு நரம்பு குறைக்கும்.

எதிர்ப்பரிவு நரம்பு மூன்று இடங்களிலும் தன் முனையில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்தே கட்டளையிடுகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி அதை நொடிப்பொழுதில் சிதைத்துவிடும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் முடக்குவது இந்த நொதியைத்தான்.

கையுறையும் முகமூடியும் இல்லாமல் அந்த மருந்தைத் தெளித்த ஒரு விவசாயத் தொழிலாளியின் உடலில் அசிட்டைல்கோலின் சிதையாமல் தேங்குகிறது. பாவை ஊசிமுனையாகச் சுருங்கிப் பார்வை மங்குகிறது, வயிறு முறுக்கி வாந்தியும் பேதியும் வருகின்றன, நாடி தளர்கிறது. நாடியை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. பரிவு நரம்புகளின் இடைக்கணுக்களிலும் அசிட்டைல்கோலினே தூது செல்வதால், சிலருக்கு இதயம் மெதுவாவதற்குப் பதில் படபடக்கும். வியர்வை பெருகுவதும் அப்படித்தான்: வியர்வைச் சுரப்பிக்குப் போவது பரிவு நரம்பு, ஆனால் அது சுரப்பது அசிட்டைல்கோலின். உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் மூச்சுக்குழலில் நிரம்பும் சளியும் மூச்சுத்தசைகளின் தளர்ச்சியும்.

மருத்துவமனையில் முதலில் ஏற்றப்படும் அட்ரோபின், அசிட்டைல்கோலின் பற்றும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். நெஞ்சில் சளியின் இரைச்சல் அடங்கி, நாடி 80-ஐத் தாண்டி, இரத்த அழுத்தமும் தேறும்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவு இரட்டிப்பாக்கப்படும். பாவை விரிவதற்குச் சில வேளை தாமதமாகும். அதற்காக மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதில்லை. மருந்து மிஞ்சினால் காய்ச்சலும் பிதற்றலும் வரும். வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் குடலின் சத்தமே கேட்காது. அப்போது அட்ரோபினை நிறுத்தி, பிறகு குறைந்த அளவில் மறுபடி தொடங்குவார்கள்.