வாக்கியத்தை வாலில் பிடி

டீயை எடுத்துக்கொள் தம்பி. நீ கொண்டுவந்த மெய்ப்பில் இந்த ஒரு வாக்கியத்தை முதலில் பார்ப்போம்.

“கடந்த ஆண்டு பெய்த கனமழையில் சேதமடைந்த பள்ளிக் கட்டடங்களைச் சீரமைப்பது குறித்து ஆராய அமைக்கப்பட்ட, பொறியாளர்களும் தலைமையாசிரியர்களும் இடம்பெற்ற குழு, தன் அறிக்கையைக் கடந்த வாரம் மாவட்ட ஆட்சியரிடம் அளித்துள்ளனர்.”

படிக்கும்போது எங்கேயும் இடறவில்லை, இல்லையா? எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளும் இதைத் தாண்டிப் போய்விடும். ‘அளித்துள்ளனர்’ என்ற சொல்லில் எழுத்துப்பிழை ஏதும் இல்லையே. பிழை அந்தச் சொல்லுக்கும் அதன் எழுவாய்க்கும் உள்ள உறவில் இருக்கிறது.

இதில் எத்தனை வினைகள் வருகின்றன பார். பெய்த, சேதமடைந்த, ஆராய, அமைக்கப்பட்ட, இடம்பெற்ற என்று வரிசையாக வருகின்றன. ஆனால் அவற்றில் எதுவும் ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்று சொல்வதில்லை. பெயரெச்சமும் வினையெச்சமும் திணை, பால், எண், இடம் எதையும் காட்டாது. அந்த வேலை முழுவதும் கடைசியில் வரும் முற்றுவினையின் விகுதிக்குத்தான். வாக்கியம் நீளும்போது இடையில் எழுவாயை நினைவூட்ட ஒரு சொல்லும் இல்லாமல் போகிறது. எழுதுகிறவர் முடிவுக்கு வரும்போது மனசில் மிச்சமிருப்பது எதுவோ அதற்கு ஏற்ப விகுதியைப் போட்டுவிடுகிறார்.

அதனால் சோதிப்பதை வாலிலிருந்து தொடங்கு. முற்றுவினையைப் பிடித்து, ‘அளித்தது யார், எது?’ என்று கேள். பிறகு வாக்கியத்தில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகக் கழி. ‘கனமழையில்’, ‘கட்டடங்களை’, ‘அறிக்கையை’, ‘ஆட்சியரிடம்’ எல்லாம் வேற்றுமை உருபு ஏற்றவை, எழுவாய் ஆகமாட்டா. ‘ஆண்டு’, ‘வாரம்’ காலத்தைச் சொல்பவை, ‘சீரமைப்பது’ பின்னால் வரும் ‘குறித்து’ என்பதோடு சேர்ந்தது; அவற்றையும் தள்ளிவிட்டால், உருபு இல்லாமல் மிஞ்சுவது பொறியாளர்களும், தலைமையாசிரியர்களும், குழு.

பலரும் சறுக்குவது இங்கேதான். பொறியாளர்களும் தலைமையாசிரியர்களும் எழுவாய் போலவே நிற்கிறார்கள்; எழுவாய்தான், ஆனால் ‘இடம்பெற்ற’ என்ற பெயரெச்சத்துக்கு. அவர்கள் செய்த வேலை அங்கேயே முடிந்துவிட்டது. பெயரெச்சம் தன் எழுவாயைத் தன்னோடு வைத்துக்கொண்டு, அடுத்து வரும் பெயருக்கு அடைமொழியாகிவிடும். எனவே உருபு இல்லாத பெயரைக் கண்டதும் நின்றுவிடாதே; அதற்குப் பின்னால் ஒரு பெயரெச்சம் அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார். அப்படிக் கழித்தால் எஞ்சுவது ‘குழு’ மட்டும்தான். அதை வினையின் பக்கத்தில் வைத்துப் படி: ‘குழு அளித்துள்ளனர்.’ இப்போது காதே சொல்லிவிடும். குழு அஃறிணை ஒருமை. ‘அளித்துள்ளது’ என்றே முடிய வேண்டும்.

இன்னொரு சாட்சியும் அங்கேயே இருக்கிறது. எழுதியவர் ‘தன் அறிக்கை’ என்றுதான் எழுதியிருக்கிறார். அதாவது நடுவழி வரை அவர் மனசிலும் ஒருமைதான் இருந்தது. மனிதர்களை முன்னிறுத்த விரும்பினால் ‘குழுவினர்’ என்று மாற்றலாம். அப்போது ‘அளித்துள்ளனர்’ சரி, ஆனால் ‘தன்’ என்பதை ‘தம்’ ஆக்க மறக்காதே. பாதி திருத்திய வாக்கியம் திருத்தாததைவிட மோசம்.

இதே வகைதான் ‘விண்ணப்பங்களின் எண்ணிக்கை உயர்ந்துள்ளன’ என்பதும். உயர்ந்தது எண்ணிக்கை. ‘இன்’ ஏற்று நிற்கும் விண்ணப்பங்களுக்கு அங்கே வேலையில்லை. ‘அமைச்சர் அதிகாரிகளுடன் ஆய்வு செய்தனர்’ என்றாலும் அப்படித்தான்: அதிகாரிகள் ‘உடன்’ ஏற்றுவிட்டார்கள், செய்தவர் அமைச்சர், ‘செய்தார்’. ‘அமைச்சரும் அதிகாரிகளும்’ என்றால் மட்டும் ‘செய்தனர்’.

ஆனால் காதை எப்போதும் நம்பாதே. நீ திருத்தும் பக்கங்களில் அதிகம் தப்பிக்கும் பிழை வேறு: ‘மூன்று பள்ளிகளில் சுவர்கள் இடிந்துள்ளது’, ‘மனுக்கள் பெறப்பட்டது’. வீட்டில் நாம் ‘செவுரெல்லாம் இடிஞ்சிருக்கு’ என்றுதான் பேசுகிறோம். பேச்சில் அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுடிவு அநேகமாகப் போய்விட்டது. அதனால் எழுவாயையும் வினையையும் பக்கத்தில் வைத்துப் படித்தாலும் காதுக்கு உறுத்தாது. இங்கே கண்ணால்தான் பிடிக்க வேண்டும்: எழுவாய் ‘கள்’ பெற்ற அஃறிணையா, வினை ‘அன’ என்று முடிகிறதா? இடிந்துள்ளன, பெறப்பட்டன. ‘படு’ சேர்ந்த செயப்பாட்டு வினைகளில் கூடுதலாகக் கவனி. அலுவலகத் தமிழில் ‘பட்டது’ கைப்பழக்கமாகவே வந்து விழும்.

எல்லா இடத்திலும் ‘அன’ தேடி அலையவும் வேண்டாம். இல்லை, உண்டு, வேண்டும், கூடாது ஆகியவை எழுவாய்க்கு ஏற்ப மாறுவதில்லை. ‘வழங்கும்’ போன்ற செய்யும் என்னும் முற்று ‘நிறுவனம் வழங்கும்’, ‘நிறுவனங்கள் வழங்கும்’ இரண்டுக்கும் பொருந்தும். பலர்பாலுக்கு அது ஆகாது: அதிகாரிகள் வழங்குவார்கள், அல்லது வழங்குவர்.

இடம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மனுக்களில் இது அடிக்கடி வரும். ‘மேற்படி முகவரியில் வசிக்கும் மனுதாரர், தன் நிலத்துக்கான பட்டாவை மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ படர்க்கையில் புறப்பட்டுத் தன்மையில் போய் இறங்குகிறது. ‘கேட்டுக்கொள்கிறார்’ என்று முடிக்கலாம்தான், ஆனால் மனுவைக் கொடுப்பவரே பேசுகிற இடத்தில் அது அந்நியமாக இருக்கும். ‘மனுதாரராகிய நான், என் நிலத்துக்கான பட்டாவை…’ என்று ஒரு ‘ஆகிய’ போட்டு எழுவாயைத் தன்மைக்குக் கொண்டுவருவதே நல்லது. ‘தன்’ இங்கேயும் மாறிவிட்டது பார்.

நீ அடிக்கோடிட்டு வைத்திருக்கும் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வருவோம்: ‘வெள்ளத்தில் விவசாயிகளும் கால்நடைகளும் பாதிக்கப்பட்டனர்.’ பட்டனரா, பட்டனவா? உயர்திணையும் அஃறிணையும் கலந்து ஒரே வினையில் முடிவது இலக்கணத்துக்குப் புதிதில்லை. சிறப்பு, மிகுதி, இழிவு இவற்றால் ஏதேனும் ஒன்றின் முடிவை எல்லாம் ஏற்கலாம் என்று நன்னூல் இடம் தருகிறது. எனவே மனிதரின் சிறப்பு கருதி ‘பாதிக்கப்பட்டனர்’ என்பதைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனாலும் செய்தியில், அதுவும் இழப்பைக் கணக்குச் சொல்லும் செய்தியில், நான் அதை விடமாட்டேன். யாருக்கு என்ன ஆனது என்பதை ஒற்றை வினை மறைத்துவிடுகிறது. நிருபரைக் கூப்பிட்டுக் கேள். விவசாயிகள் பயிரை இழந்தார்களா, கால்நடைகள் இறந்தனவா என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ‘விவசாயிகள் பயிர்களை இழந்தனர், கால்நடைகள் உயிரிழந்தன’ என்று இரண்டு வினைகளாகப் பிரித்துவிட்டால், திணைச் சிக்கலும் இல்லை, படிப்பவருக்குச் சந்தேகமும் இல்லை. அவரிடம் விவரம் இல்லையென்றால் ‘பாதிக்கப்பட்டனர்’ அப்படியே இருக்கட்டும்.