சீட்டைக் கலைக்கும் கணக்கு

இணையத்தில் போக்கர் நடத்திய தளங்களுக்கு மென்பொருள் கொடுத்துவந்த ஏ.எஸ்.எஃப். நிறுவனம், ஆட்டம் நேர்மையானது என்று காட்டத் தன் சீட்டுக் கலைக்கும் நிரலை வெளியிட்டிருந்தது. 1999இல் அதைப் படித்த பாதுகாப்பு ஆய்வாளர்கள் பல ஓட்டைகளைக் கண்டார்கள். அவற்றில் ஒன்றை இன்றும் பலர் அறியாமலே எழுதுகிறார்கள்.

முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை வரிசையாகப் போக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் உள்ள சீட்டை, மொத்தக் கட்டில் ஏதோ ஓர் இடத்துச் சீட்டோடு மாற்றி வைக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1, 2, 3 என்று மூன்றே சீட்டுகளை வைத்துச் செய்து பாருங்கள்.

ஒவ்வொரு படியிலும் மூன்று தேர்வுகள். மூன்று படிகளுக்கு 3×3×3, அதாவது 27 வழிகள். மூன்று சீட்டுகளை அடுக்கக்கூடிய வரிசைகளோ 6தான். 27ஐ ஆறு பேருக்குச் சமமாகப் பங்கிட முடியாது. வழிகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால் 132, 213, 231 ஆகியவை தலா 5 முறை வருகின்றன. 123, 312, 321 தலா 4 முறைதான். 52 சீட்டுக்கும் இதே கதிதான். 52ஐ 52 முறை பெருக்கி வரும் எண்ணில் 2, 13 தவிர வேறு பகா எண் இருக்காது. வரிசைகளின் எண்ணிக்கையிலோ 3, 5, 7 எல்லாம் காரணிகள். மீதியில்லாமல் வகுபட வழியே இல்லை.

சரியான முறையில் மாற்றம் சிறியது. கடைசி இடத்துக்கு 52 சீட்டுகளில் ஒன்றைத் தேர்ந்து, அங்கிருந்த சீட்டோடு இடம் மாற்றுங்கள். பிறகு அந்த இடத்தைத் தொடவே கூடாது. அடுத்த இடத்துக்கு மீதி 51இல் ஒன்று, அதற்கடுத்து 50இல் ஒன்று. மூன்று சீட்டுக்கு 3×2×1, ஆறு வழிகள். ஆறு வரிசைக்கும் ஆளுக்கொன்று. தனியாக இன்னொரு பட்டியலும் தேவையில்லை. ஃபிஷரும் யேட்ஸும் 1938இல் காகிதத்தில் செய்யச் சொன்ன முறை இது. அதைக் கணினிக்கு ஏற்றபடி, அதே பட்டியலுக்குள்ளேயே முடியும்படி 1964இல் வெளியிட்டவர் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட்.

இதிலும் சறுக்க ஓர் இடம் உண்டு. தேர்வு செய்யும்போது அந்தச் சீட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது இருந்த இடத்திலேயே இருந்துவிடவும் வாய்ப்பு வேண்டும். “இடம் மாறியே ஆக வேண்டும்” என்று அதை ஒதுக்கிவிட்டால், மூன்று சீட்டில் 231, 312 இரண்டு மட்டுமே கிடைக்கும். மற்ற நான்கும் எத்தனை முறை கலைத்தாலும் வராது.

நீங்கள் எழுதிய நிரலை நம்புவதற்கு முன் மூன்று சீட்டை 60,000 முறை கலைத்து எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையும் சுமார் 10,000 முறை வர வேண்டும். மூன்று 11,100ஐ ஒட்டியும் மூன்று 8,900ஐ ஒட்டியும் நின்றால், நிரலைத் திருத்துங்கள்.