தூணில் ‘தேன்கூடு’: சைட் இன்ஜினீயர் எழுதும் அந்த ஒரு பக்கக் குறிப்பில் என்ன இருக்க வேண்டும்?

சென்ட்ரிங் பலகையைக் கழற்றியதும் தூணின் அடியில் ஜல்லி மட்டும் துருத்திக்கொண்டு, நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. சைட்டில் இதை ‘ஹனிகோம்ப்’ அல்லது ‘தேன்கூடு’ என்பார்கள். “ஒண்ணுமில்ல சார், கலவை வெச்சு பூசிட்டா தெரியாது” என்பதுதான் பெரும்பாலான இடங்களில் கேட்கும் முதல் பதில். தெரியாது என்பது உண்மைதான். பிரச்சினையே அதுதான்.

இந்த இடத்தில் பொறுப்பான சைட் இன்ஜினீயர் கத்துவதில்லை, எழுதுகிறார். குறை என்ன, எப்படிச் சரிசெய்ய வேண்டும், எப்போதைக்குள் என்று மூன்று விஷயங்களைச் சொல்லும் அந்தத் தாளுக்கு ‘சைட் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று பெயர். அரை மணி நேரத்தில் எழுதிவிடக்கூடிய இந்தத் தாள், மேலே வரப்போகும் மாடிகளின் பாரத்தை அந்தத் தூண் முழுசாகத் தாங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

தேன்கூடு ஏன் வருகிறது?

கான்கிரீட்டில் ஜல்லிகளுக்கு இடையே இருக்கும் இடைவெளியை மணலும் சிமென்ட் பாலும் நிரப்ப வேண்டும். அது நிரம்பாமல் போனால் தேன்கூடு.

தூணின் அடிப்பகுதியில் இது அதிகம் வர மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, பலகையின் அடியில் இடுக்கு இருந்தால் சிமென்ட் பால் அந்த வழியே ஒழுகிவிடும். இரண்டு, அதிக உயரத்திலிருந்து கொட்டும்போது ஜல்லியும் கலவையும் பிரிந்து, ஜல்லி அடியில் தங்கிவிடும். கான்கிரீட் தடையில்லாமல் விழும் உயரம் 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 456 தரும் பொதுவான வழிகாட்டுதல். மூன்று, வைப்ரேட்டர் ஊசி அடிவரை இறங்காமல் போவது. ஒரே மூச்சில் பாதித் தூணை நிரப்பிவிட்டு மேலிருந்து ஊசியை விட்டால், கம்பியும் ரிங்கும் நெருக்கமாக இருக்கும் அடிப்பகுதிக்கு அதிர்வு போய்ச் சேராது.

நெருக்கமாக இறுகாத கான்கிரீட்டின் பலம் வேகமாகக் குறையும். 5% வெற்றிடம் இருந்தாலே பலம் 30% வரை குறையக்கூடும். கண்ணுக்கே ஓட்டை தெரியும் இடத்தில் கம்பிக்குப் பிடிமானமும் இல்லை. ஈரமும் காற்றும் உள்ளே போய் கம்பி துருப்பிடிப்பதற்கும் வழி திறந்தே இருக்கிறது.

இரண்டு விதக் குறிப்புகள்

பல சைட்டுகளில் நோட்டில் இப்படி எழுதியிருக்கும்: “சி-7 பில்லர் சரியில்லை. உடனே சரி செய்யவும்.”

இதைப் படித்துவிட்டு மேஸ்திரி கலவை பூசிவிட்டு, “சரி பண்ணியாச்சு சார்” என்றால் அதைத் தவறு என்று சொல்ல முடியாது. எவ்வளவு குறை, எது ‘சரி’, எது ‘உடனே’ என்று எதுவுமே அந்தத் தாளில் இல்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கீழே பார்க்கிங், மேலே 3 மாடி. பார்க்கிங் தளத்தில் சி-7 என்ற தூண், 300 × 450 மி.மீ. அளவு, எம்25 கான்கிரீட். 3-ம் தேதி கான்கிரீட் போட்டு, 4-ம் தேதி காலை பலகை கழற்றினார்கள். மேலே பீம், ஸ்லாப் எதுவும் இன்னும் வரவில்லை. அதற்கான நல்ல குறிப்பு இப்படி இருக்கும்:

> குறை: சி-7 தூண், தெற்குப் பக்கம் (450 மி.மீ. முகம்). தரை மட்டத்திலிருந்து 350 மி.மீ. உயரம், 200 மி.மீ. அகலத்துக்கு ஜல்லிகளுக்கு இடையே கலவை இல்லை. கம்பியை விட்டுப் பார்த்ததில் அதிகபட்ச ஆழம் 80 மி.மீ. ஒரு ரிங்கும் இரண்டு 16 மி.மீ. மெயின் கம்பிகளும் வெளியே தெரிகின்றன. கம்பிகளின் பின்னாலும் வெற்றிடம் உள்ளது. மற்ற மூன்று பக்கங்களும் சுத்தியால் தட்டிப் பார்க்கப்பட்டன. பொத்தல் சத்தம் இல்லை. அளவுகோல் வைத்து எடுத்த 4 படங்கள் இணைப்பில்.
>
> திருத்தம்: சிமென்ட் பூச்சு எதுவும் போடக் கூடாது. சிறு உளி, சுத்தியால் கெட்டியான கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுக்கவும். மெயின் கம்பிக்குப் பின்னால் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி வேண்டும். ஓரங்கள் நேராக இருக்க வேண்டும். கொத்தும் ஆழம் 150 மி.மீ. தாண்டினால் வேலையை நிறுத்தி டிசைன் இன்ஜினீயருக்குத் தெரிவிக்கவும். பிறகு பலகை அடித்து, சுருங்காத மைக்ரோ கான்கிரீட் ஊற்றவும். 100 மி.மீ. கியூப் 3 எடுக்கவும்.
>
> காலக்கெடு: கொத்தும் வேலை 5-ம் தேதி மாலை 5 மணிக்குள். 6-ம் தேதி காலை 10 மணிக்கு இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்திடும்வரை பலகை அடைக்கக் கூடாது. ஊற்றும் வேலை 6-ம் தேதி மாலைக்குள். கியூரிங், கியூப் சோதனை 13-ம் தேதி வரை. எழுத்தில் அனுமதி தரும்வரை சி-7 மீது பீம், ஸ்லாப் கான்கிரீட் போடக் கூடாது.
>
> செலவு: ஒப்பந்ததாரருடையது. கூடுதல் நாள் கிடையாது.

குறையை ஏன் இப்படி அளந்து எழுத வேண்டும்?

திருத்தம் என்ன என்பதை ஆழம்தான் முடிவு செய்கிறது. இந்தத் தூணில் கம்பிக்கு முன்னால் இருக்க வேண்டிய கவர் 40 மி.மீ. குறை அந்த 40 மி.மீ.க்குள் முடிந்திருந்தால், கெட்டியான மேற்பரப்பு வரை கொத்திவிட்டு, பாலிமர் கலந்த ரிப்பேர் கலவையைக் கையாலேயே வைத்து முடிக்கலாம். இங்கே ஆழம் 80 மி.மீ. கவர் 40, ரிங் 8, மெயின் கம்பி 16 என்று கூட்டினால் 64. ஆக, குறை கம்பியைத் தாண்டிப் போயிருக்கிறது. கம்பிக்குப் பின்னால் கையால் கலவையைத் திணிக்க முடியாது. தானாக ஓடி நிரம்பும் பொருளைத்தான் ஊற்ற வேண்டும்.

குறிப்பில் “வைப்ரேட்டர் ஒழுங்கா போடல” என்ற வரி இல்லை என்பதைக் கவனியுங்கள். அது ஊகம். எழுதினால் வாக்குவாதம்தான் வரும். “கலவை இல்லை, ஆழம் 80 மி.மீ.” என்பதை யாரும் மறுக்க முடியாது. காரணத்தைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். அடுத்த தூண் போடும் முன் பேசியே ஆக வேண்டும்.

150 மி.மீ. வரம்பு கோடு புத்தகத்தில் இருக்கும் விதி அல்ல. 300 மி.மீ. தூணில் பாதி போய்விட்டால் ஒட்டுப்போடுவதா, இடித்துவிட்டு மறுபடி போடுவதா என்ற முடிவு சைட்டில் எடுக்கக்கூடியது அல்ல என்று டிசைன் இன்ஜினீயர் இந்தத் தூணுக்கு வைத்த எல்லை.

கொத்துவதில் எங்கே தவறுகிறார்கள்?

முதல் தவறு, அவசரத்தில் பெரிய பிரேக்கர் மெஷினை வைப்பது. ஒரு நாள் வயதான தூணில் அந்த அதிர்ச்சி நல்ல கான்கிரீட்டையும் கம்பியின் பிடியையும் கெடுக்கும். உளி போதும், இந்த வயதில் கொத்துவதும் சுலபம். பலகை எடுத்த உடனேயே பரிசோதித்து, கான்கிரீட் முழுசாக இறுகும் முன் குறைகளைச் சரிசெய்யச் சொல்லி ஐ.எஸ். 456 கேட்பதும் இதைத்தான்.

இரண்டாவது, ஓரங்களைத் தட்டையாகச் சரித்து விடுவது. புதுக் கலவை ஓரத்தில் காகிதம் போல மெலிந்தால் அங்கே முதலில் உரிந்துவிடும். அதனால்தான் ஓரம் நேராக வெட்டப்பட வேண்டும் என்கிறது குறிப்பு. குழியின் மேல்பகுதி மட்டும் வாய்ப் பக்கம் சற்றே உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றும்போது காற்று அங்கே மாட்டிக்கொள்ளும்.

கொத்திய இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி ஊறவைத்து, தேங்கிய நீரைத் துடைத்த பிறகே ஊற்ற வேண்டும். வறண்ட பழைய கான்கிரீட் புதியதன் நீரை உறிஞ்சிவிடும். பலகையில் மேலே புனல் மாதிரி வாய் வைத்து, குழியின் மேல்விளிம்பைத் தாண்டும்வரை ஒரே பக்கத்திலிருந்து ஊற்றினால் காற்று வெளியேறும்.

கொத்தி முடித்த குழி 400 × 250 × 100 மி.மீ. என்றால் கொள்ளளவு 10 லிட்டர். 25 கிலோ மைக்ரோ கான்கிரீட் மூட்டை ஒன்று ஏறக்குறைய 12 லிட்டர் தரும். கியூப் மூன்றுக்கு 3 லிட்டர் சேர்த்தால் இரண்டு மூட்டை. இவ்வளவுதான் பொருள் செலவு.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம்?

காலக்கெடு என்பதை ஒப்பந்ததாரரை விரட்டுவதற்கான வரி என்று நினைப்பவர்கள் அதிகம். அது அப்படியல்ல.

சி-7 இப்போது தன் எடையை மட்டுமே சுமக்கிறது. இந்த நிலையில் குழியை நிரப்பினால், பிறகு ஸ்லாப்பும் சுவரும் ஏறும்போது பழைய கான்கிரீட்டும் புதியதும் சேர்ந்து பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். இதையே இரண்டு மாடி ஏறிய பிறகு செய்தால் கதை வேறு. அந்த இரண்டு மாடியின் பாரம் ஏற்கெனவே மிச்சமிருந்த கான்கிரீட் வழியே இறங்கிவிட்டது. புதிதாக வைத்த ஒட்டு, அதற்குப் பின் வரும் பாரத்தில் மட்டும்தான் பங்கு எடுக்கும். முட்டுக்கொடுத்து பழைய பாரத்தை இறக்கினால்தான் நிலைமை மாறும். இன்று இரண்டு மூட்டையில் முடியும் வேலை, அன்று முட்டு, ஜாக்கி, டிசைன் கணக்கு என்று போகும்.

அதனால்தான் குறிப்பில் ஒரே தேதி இல்லாமல் படிப்படியான தேதிகள் இருக்கின்றன. அதில் 6-ம் தேதி காலை 10 மணிதான் உயிர்நாடி. பலகை அடைத்துவிட்டால் எவ்வளவு கொத்தினார்கள் என்று யாராலும் பார்க்க முடியாது. “நாளைக்கே முடிச்சுடு” என்று ஒரே நாள் கெடு கொடுத்திருந்தால், இந்தப் பரிசோதனைதான் முதலில் காணாமல் போயிருக்கும்.

எப்போது குறிப்பை மூடலாம்?

13-ம் தேதி மூன்று விஷயங்கள் பார்க்கப்படும். 7 நாள் கியூப் பலம் தூணுக்குக் கேட்ட 25 நியூட்டனுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒட்டைச் சுத்தியால் தட்டினால் ‘டங்’ என்று கெட்டியான சத்தம் வர வேண்டும்; ‘பொத்’ என்றால் உள்ளே பிடிக்கவில்லை. சந்தேகம் இருந்தால் அல்ட்ராசோனிக் சோதனையில் ஒட்டின் வழியே அலை போகும் வேகத்தை அதே தூணின் நல்ல பகுதியோடு ஒப்பிடலாம். ஒட்டின் ஓரத்தில் சுருக்க விரிசலும் இருக்கக் கூடாது.

எல்லாம் சரி என்றால், அதே தாளின் அடியில் தேதியோடு “திருத்தம் ஏற்கப்பட்டது, பீம், ஸ்லாப் வேலை தொடரலாம்” என்று எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்திடும். வீடு கட்டுபவர்களும் ஃப்ளாட் வாங்குபவர்களும் சைட் ஃபைலில் தேட வேண்டியது இந்தக் கடைசி வரியைத்தான். குறை எழுதப்பட்ட தாள் இருந்து, மூடிய கையெழுத்து இல்லையென்றால், பூச்சு வேலை தொடங்கும் முன் அந்தத் தூண் எது என்று கேட்டு, கொத்திய நிலையில் எடுத்த படத்தையும் கேளுங்கள்.