அரை மில்லிமீட்டர் சூப்பர்மூன்

2016 நவம்பர் 14, ஐப்பசிப் பௌர்ணமி. ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஆறே நாள் ஆகியிருந்தது. ஏ.டி.எம். வரிசைகளுக்கு நடுவிலும் ஒரு வானச் செய்திக்குப் பத்திரிகைகளில் இடம் கிடைத்தது. 1948-க்குப் பிறகு பூமிக்கு மிக அருகில் வரும் முழுநிலா அன்று மாலை உதிக்கிறது. வழக்கத்தைவிட 14 சதவீதம் பெரிதாகவும் 30 சதவீதம் பிரகாசமாகவும் இருக்கும் என்றார்கள். கடற்கரையிலும் மொட்டைமாடியிலும் நின்று பார்த்தவர்களில் பலர், "ஆமாம், பெரிசாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார்கள்.

அதே ஆண்டு ஏப்ரல் 22, சித்திரா பௌர்ணமி. அந்த ஆண்டின் மிகச் சிறிய முழுநிலா அதுதான். திருவண்ணாமலையில் கிரிவலம் போனவர்கள் யாரும் நிலா சிறுத்துவிட்டது என்று குறைப்பட்டதாகத் தெரியவில்லை. சூப்பர்மூனைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு பௌர்ணமிகளே போதும்.

நிலா பூமியைச் சுற்றும் பாதை சரியான வட்டமல்ல, சற்றே நீண்டது. பூமியும் அதன் நட்டநடுவில் இல்லை. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் நிலா ஒருமுறை அருகே வருகிறது, ஒருமுறை விலகிப் போகிறது. சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர். 2016 ஐப்பசியில் அது 3,56,500 கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கியிருந்தது. சித்திரையில் 4,06,300 கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி நின்றது.

நிலா அருகே வருவது மாதந்தோறும் நடப்பதுதான். ஆனால் அந்த நாளில் அது பிறையாக இருக்கலாம், பாதி நிலாவாக இருக்கலாம். யாரும் கவனிப்பதில்லை. ஒருமுறை அருகே வந்த நிலா மறுபடி அருகே வர ஏறக்குறைய 27.55 நாள் ஆகிறது. பௌர்ணமியிலிருந்து பௌர்ணமிக்கு 29.53 நாள். இரண்டு நாள் வித்தியாசத்தால் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போய், 413 நாள் கழித்து மீண்டும் சேர்கின்றன. 14 பௌர்ணமிகளுக்கு ஆகும் காலமும், நிலா 15 முறை அருகே வர ஆகும் காலமும் அதுவே. 2016 நவம்பர் 14-லிருந்து 413 நாளை எண்ணினால் 2018 ஜனவரி தொடக்கத்துக்கு வந்து சேர்வோம். ஜனவரி 2-ஆம் தேதி முழுநிலாவும் சூப்பர்மூன்தான்.

இந்தப் பெயரைச் சூட்டியவர் வானியலாளர் அல்ல, ஜோதிடர். அமெரிக்காவின் ரிச்சர்ட் நோல் 1979-ல் ஒரு ஜோதிடப் பத்திரிகையில் இதைப் பயன்படுத்தினார். நிலா அந்தச் சுற்றில் நெருங்கக்கூடிய மிகக் குறைந்த தூரத்துக்கு 90 சதவீத அளவுக்குள் வந்திருக்கும்போது பௌர்ணமியோ அமாவாசையோ வந்தால் அது சூப்பர்மூன் என்பது அவருடைய கணக்கு. ஏன் 90 என்பதற்கு வானியலில் காரணம் எதுவும் கிடையாது. கோட்டைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்துபவர்கள் உண்டு என்பதால்தான், ஒரே ஆண்டில் மூன்று சூப்பர்மூன் என்று ஒரு நாளிதழும் நான்கு என்று இன்னொன்றும் எழுதுகின்றன. சூப்பர்மூன் பூகம்பத்தைக் கொண்டுவரும் என்ற பேச்சும் இந்த ஜோதிட மூலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததுதான். 2011 மார்ச் 19 சூப்பர்மூனையும் ஜப்பான் நிலநடுக்கத்தையும் முடிச்சுப் போட்டார்கள். நிலநடுக்கம் வந்ததோ மார்ச் 11-ல். அன்று நிலா பாதிகூட நிறையவில்லை. சராசரித் தூரத்தைவிடத் தள்ளியே இருந்தது.

இனி அந்த 14 சதவீதத்துக்கு வருவோம். எண் பொய்யல்ல. 4,06,300-ஐ 3,56,500-ஆல் வகுத்தால் 1.14 வரும். விட்டம் 14 சதவீதம் கூடினால் பரப்பு 30 சதவீதம் கூடும்; வெளிச்சமும் அந்த அளவுக்கே கூடும். ஆனால் இது ஆண்டின் மிகச் சிறிய முழுநிலாவோடு வைத்துப் பார்த்த கணக்கு. வகுப்பில் முதல் மதிப்பெண்ணைக் கடைசி மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பெருமை பேசுவது போல. நாம் "வழக்கமான நிலா" என்று மனதில் வைத்திருப்பது சராசரி நிலாவை. அதோடு ஒப்பிட்டால் விட்டம் 8 சதவீதம்தான் கூடுகிறது, வெளிச்சம் 16 சதவீதம். அந்த வெளிச்சத்தையும் கண் கறாராகக் கணக்கு வைப்பதில்லை. பாப்பா சுருங்கி விரிந்து சரிசெய்துகொள்கிறது. ஒரு மெல்லிய மேகப்படலம் போதும், அத்தனையும் போய்விடும்.

அந்த 8 சதவீதம் கண்ணுக்கு எவ்வளவு? காகிதத்தில் துளை போடும் அலுவலகப் பஞ்சிங் மெஷினின் துளை பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் இருக்கும். துளையிட்ட காகிதத்தைக் கையை நீட்டி, கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் நிலாவைத் துளைக்குள் கொண்டுவாருங்கள். சராசரி முழுநிலா அந்தத் துளையில் 5.4 மில்லிமீட்டரை நிரப்பும். 2016 ஐப்பசியின் சூப்பர்மூன் 5.8 மில்லிமீட்டர். சித்திரை நிலா 5.1. ஊரே திரண்டு பார்த்த சூப்பர்மூனும் துளைக்குள் அடங்கி, ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் வைத்திருக்கும். சராசரியிலிருந்து அது வளர்ந்தது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. முழங்கையை மடக்கி காகிதத்தை ஐந்து சென்டிமீட்டர் கண்ணருகே கொண்டுவந்தாலே துளையின் தோற்றம் அதைவிட அதிகமாக மாறிவிடும்.

இரண்டு நிலாக்களையும் வானத்தில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் பெரியது எது என்று கண் சொல்லிவிடும். ஆனால் ஏப்ரல் நிலாவை நவம்பர்வரை மில்லிமீட்டர் சுத்தமாக நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது.

அப்படியானால் கடற்கரையில் நின்றவர்கள் பொய்யா சொன்னார்கள்? இல்லை. அவர்கள் பார்த்தது உதயமாகிக்கொண்டிருந்த நிலாவை. அடிவானத்தில் எந்தப் பௌர்ணமி நிலாவும் பிரம்மாண்டமாகத் தெரியும். அது மூளை செய்யும் வேலை. தொடுவானமும் மரங்களும் கட்டடங்களும் பக்கத்தில் இருக்கும்போது நிலா வெகுதூரத்தில் இருப்பதாக மூளை எடுத்துக்கொண்டு, அதற்கேற்பப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். விஞ்ஞானிகளுக்குள் இதில் இன்னும் முழு உடன்பாடு இல்லை. மாயை என்பதில் மட்டும் சந்தேகமில்லை: அதே துளைக் காகிதத்தால் உதயத்தில் ஒருமுறை, நள்ளிரவில் ஒருமுறை அளந்தால் நள்ளிரவு நிலா ஒரு துளிகூடச் சிறுத்திருக்காது. உண்மையில் அப்போதுதான் அது சற்றுப் பெரியது. தலைக்கு மேல் இருக்கும்போது நிலா நமக்கு ஏறக்குறைய பூமியின் ஆர அளவு, அதாவது 6,000 கிலோமீட்டருக்கு மேல் நெருக்கம். விட்டம் இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். ஆக, ஆறு மணிக்குப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள் அன்றைய இரவின் பெரிய நிலாவைத் தவறவிட்டவர்கள்.

"68 ஆண்டுகளில் இல்லாத நெருக்கம்" என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். 1948 ஜனவரி 26 முழுநிலாவுக்கும் 2016-க்கும் தூர வித்தியாசம் சுமார் 50 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற தூரம்தான். 2034 நவம்பர் 25-ல் வரப்போகும் நிலா இதையும் சுமார் 60 கிலோமீட்டர் முந்தும். தலைப்புச் செய்திக்கு இது போதும், கண்ணுக்குப் போதாது.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும் என்பவர்களுக்கு வழி கேமராதான். பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். செல்போனில் நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகத்தான் விழும். 2026-ஐ எடுத்துக்கொண்டால் மே 31 பௌர்ணமி அந்த ஆண்டின் மிகச் சிறியது, டிசம்பர் 24 மிகப் பெரியது. இரண்டையும் ஒரே கேமராவில், ஒரே லென்ஸில், ஜூம் அளவை மாற்றாமல் எடுத்து, ஒரு படத்தைப் பாதியாக வெட்டி இன்னொன்றின் பாதியோடு ஒட்டிப் பாருங்கள். ஓரங்கள் பொருந்தாது. அங்கே துருத்திக்கொண்டு நிற்பதுதான் பத்திரிகை சொன்ன 14 சதவீதம்.