மூலை கூர்மையா நிக்கணுமா? ‘டபுள் போன்’ பாக்கெட்டில் கத்திரி வைக்கும் முன் இதைப் பாருங்க!

பாளையங்கோட்டை சர்ச் கல்யாணமோ, நெல்லை டவுன் மண்டபத்து ரிசப்ஷனோ, மாப்பிள்ளை பெரும்பாலும் கோட்டில்தான் நிற்பார். ரெடிமேட் எவ்வளவு வந்தாலும் துணி எடுத்து, அளவு கொடுத்துத் தைக்கிற பழக்கம் நம்ம ஊரில் இன்னும் விட்டுப் போகவில்லை. தைத்து வந்த கோட்டைக் கையில் வாங்கியதும் நாம் காலரைப் பார்ப்போம், கை நீளத்தைப் பார்ப்போம். தையல் தெரிந்தவர் கண் வேறு இடத்துக்குப் போகும். அது பாக்கெட்டின் மூலை.

கோட்டின் முன்பக்கத்திலும் பேன்ட்டின் பின்பக்கத்திலும் துணியைக் கீறி, அந்தக் கீறலின் மேலும் கீழும் மெல்லிய பட்டி வைத்துத் தைக்கிறார்கள் இல்லையா, அதைத்தான் டெய்லர்கள் ‘போன் பாக்கெட்’ என்பார்கள். பட்டி ஒன்று என்றால் சிங்கிள் போன், இரண்டு என்றால் டபுள் போன். சட்டைப் பாக்கெட்டை மேலே வைத்துத் தைப்பதால், கோணினால் பிரித்து மறுபடி தைக்கலாம். போன் பாக்கெட்டில் அது நடக்காது. தைத்த தையலைப் பிரிக்கலாம், வெட்டிய துணியை ஒட்ட முடியுமா? அதுவும் மாப்பிள்ளை கோட்டின் நெஞ்சுக்குக் கீழே, எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில்!

அதனால்தான் புதிதாகத் தையல் பழகுகிறவர்களுக்கு இந்த பாக்கெட் என்றாலே கை நடுக்கம். மூலை சுருங்குவதற்கும் பிசிறு தட்டுவதற்கும் கத்திரிதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான தப்பு கத்திரி எடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது.

மூலையில் என்னதான் நடக்கிறது?

ஒரு பேன்ட்டின் பின் பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். வாய் 5 இன்ச் அகலம். ஒவ்வொரு பட்டியும் வெளியே ¼ இன்ச் தெரிய வேண்டும். அப்படியென்றால் துணியில் நாம் திறக்கப்போவது 5 இன்ச் நீளமும் ½ இன்ச் உயரமும் உள்ள ஒரு செவ்வகம். மேல் பட்டியைப் பிடிக்கும் தையல் அதன் மேல் கோடு, கீழ் பட்டியைப் பிடிக்கும் தையல் கீழ் கோடு. இடது வலது ஓரங்களில் இந்தக் கட்டத்தில் தையல் கிடையாது.

ஆக, நான்கு மூலை என்பது வேறொன்றும் இல்லை. இரண்டு தையல் கோடுகளும் முடிகிற நான்கு புள்ளிகள்தான். மேல் கோடு ஒரு தையல் கூடுதலாக ஓடிவிட்டால் செவ்வகம் செவ்வகமாக இருக்காது, ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பிறகு எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் மூலை நேராக வராது.

பட்டியும் கோடும்

முதலில் டார்ட் பிடித்து இஸ்திரி போட்டுவிட வேண்டும். இடுப்புப் பட்டிக்குக் கீழே சுமார் 2½ இன்ச்சில், துணியின் நல்ல பக்கத்தில் 5 இன்ச்சுக்கு நடுக்கோடு போடுங்கள். இரண்டு முனையிலும் அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு. இந்த முனைக்கோட்டை மேலும் கீழும் ஒரு இன்ச் நீட்டியே போடுங்கள். பட்டியை வைத்த பிறகும் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அதே இடத்தில், உள்பக்கமாக, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸை வையுங்கள். ஃபியூசிங் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். 7 இன்ச் நீளம், 2 இன்ச் அகலம் போதும். இதைத் தவிர்க்கவே கூடாது. மூலையில் நாம் சாய்வாக வெட்டப்போகிறோம். அங்கே நிற்கும் நூல்கள் எல்லாம் மிகக் குட்டையானவை, பிடிமானம் இல்லாதவை. லினன் மாதிரி தளர்வாக நெய்த துணியாக இருந்தால் கை பட்டாலே உதிரும். அந்த நூல்களைப் பிடித்து நிறுத்துவது இந்த ஃபியூசிங்தான்.

இனி பட்டி. 7 இன்ச் நீளம், 1½ இன்ச் அகலத்தில் இரண்டு துண்டு. நீளவாக்கு நூலோட்டத்திலேயே வெட்டுங்கள், அப்போதுதான் இழுபடாது. ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பாதியாக மடித்து இஸ்திரி போட்டு, மடிப்பிலிருந்து சரியாக ¼ இன்ச்சில் பெரிய தையலாக ஒரு கோடு ஓட்டுங்கள். அந்தத் தையலுக்கு அந்தப் பக்கம் ¼ இன்ச் விட்டு மீதியைக் கத்தரித்துவிடுங்கள். இப்போது பட்டி ½ இன்ச் அகலம், நட்டநடுவில் தையல். பட்டி சன்னம் பருமன் இல்லாமல் ஒரே சீராக வருவதற்கு இந்த ஒரு வேலை போதும்.

இரண்டு பட்டியின் வெட்டு ஓரமும் நடுக்கோட்டில் முட்டுகிற மாதிரி, மடிப்பு வெளியே பார்க்கிற மாதிரி வைத்து, ஏற்கெனவே ஓட்டிய தையலின் மேலேயே தையுங்கள். முனைக்கோட்டில் தொடங்கி முனைக்கோட்டில் நிறுத்த வேண்டும். கடைசி அரை இன்ச்சில் தையலைப் பொடியாக்கிக்கொள்ளுங்கள். மெஷினைக் காலால் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றினால், ஊசி நீங்கள் நினைத்த புள்ளியிலேயே இறங்கும். ரிவர்ஸ் போடும்போதும் கோட்டைத் தாண்டக் கூடாது.

திருப்பிப் பாருங்க!

இங்கேதான் நிறுத்த வேண்டும். கத்திரியைத் தொடாமல் துணியைத் திருப்புங்கள். உள்பக்கத்தில் பட்டி இல்லை, மார்க்கிங் இல்லை. இரண்டே இரண்டு தையல் கோடுகள்தான் தெரியும். டேப்பை வைத்து அளந்து பாருங்கள். மேல் கோடு 5 இன்ச்சா? கீழ் கோடும் 5 இன்ச்சா? இரண்டுக்கும் நடுவே இடது முனை, நடு, வலது முனை என மூன்று இடத்திலும் ½ இன்ச் வருகிறதா?

ஒரு உதாரணம் பார்க்கலாம். மேல் கோடு 5 இன்ச், கீழ் கோடு வலது பக்கம் மட்டும் ⅛ இன்ச் கூடி 5⅛ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல பக்கத்தில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால், வலது ஓரம் நிற்க வேண்டிய இடத்தில் ½ இன்ச் உயரத்துக்குள் ⅛ இன்ச் சாய்ந்துவிட்டது. வெட்டித் திருப்பினால் அந்த ஓரம் சரிந்து தெரியும், ஒரு மூலையில் சின்னச் சுருக்கமும் விழும். அப்போது என்ன இஸ்திரி போட்டாலும் போகாது. இப்போதே கண்டுபிடித்தால்? கூடுதலாக ஓடிய மூன்று நான்கு தையலைப் பிரித்து, சரியான புள்ளியில் முடிச்சுப் போட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை.

கடைசி நூல் வரை

அளவு சரியா? இப்போது வெட்டலாம். இரண்டு பட்டிகளையும் மேலும் கீழும் விலக்கிவிட்டு, துணியையும் ஃபியூசிங்கையும் மட்டும் வெட்ட வேண்டும். நடுக்கோட்டில் வெட்டிக்கொண்டு போய், முனைக்கு ½ இன்ச் முன்னால் நிறுத்துங்கள். அங்கிருந்து இரண்டு மூலைகளுக்கும் சாய்வாக, Y எழுத்து மாதிரி வெட்ட வேண்டும். முனையில் ஒரு சின்ன முக்கோணம் கிடைக்கும். சாய்வு வெட்டு கடைசித் தையலுக்கு ஒரு நூல் முன்புவரை போக வேண்டும். தையலைத் தொடக் கூடாது. முனை கூரான சின்னக் கத்திரி இருந்தால் நல்லது. பெரிய கத்திரியின் நுனி எங்கே நிற்கிறது என்றே தெரியாது.

பட்டிகளை அந்த வாய் வழியாக உள்ளே திருப்புங்கள். மடிப்பு ஓரம் இரண்டும் நடுவில் வந்து சேரும். கைத்தையலால் சாய்வாக இரண்டையும் சேர்த்துப் பிடித்துவிட்டு, ஈரத்துணி போட்டு அழுத்துங்கள்.

பலர் அவசரப்படுவது இதற்கு அடுத்த இடத்தில். பேன்ட் துணியை ஓரத்தில் மடக்கினால், அந்த முக்கோணம் பட்டி முனைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அதன் அடிப்பாகத்தில், முதல் தையல்கோட்டின் முனையிலிருந்து அடுத்த கோட்டின் முனைவரை நேராக மூன்று முறை முன்னும் பின்னும் தையுங்கள். செவ்வகத்துக்கு இல்லாமலிருந்த இடது வலது சுவர் இதுதான். அடியைவிட்டு விலகி, முக்கோணத்தின் நுனிப் பக்கமாகத் தைத்தால் மூலை தளர்ந்து குழி மாதிரி தெரியும். உள்ளே நெருக்கித் தைத்தால் பேன்ட் துணியையும் சேர்த்துப் பிடித்துச் சுருக்கிவிடும். பாக்கெட் பையை இணைப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

தப்பு எங்கே என்று மூலையே சொல்லும்

திருப்பியதும் மூலையில் சுருக்கம் விழுந்தால், வெட்டு தையல்வரை போகவில்லை என்று அர்த்தம். மறுபடி உள்பக்கம் திருப்பி, இன்னும் ஓரிரு நூல் வெட்டினால் துணி தானாகப் படியும்.

மூலையில் பிசிறோ சின்ன ஓட்டையோ தெரிந்தால் வெட்டு தாண்டிப் போய்விட்டது. பதற வேண்டாம். முக்கோணத்தைத் தைக்கும் முன் என்றால், அந்தப் பக்கம் மேல் கோடு, கீழ் கோடு இரண்டையும் ஒரே அளவு, இரண்டு தையல் தூரம் நீட்டிவிடலாம். வாய் கொஞ்சம் அகலமாகும், யாருக்கும் தெரியாது. ஒரு கோட்டை மட்டும் நீட்டினால் மறுபடி சாய்வு வந்துவிடும். ஓட்டை அதைவிடப் பெரியது என்றால் உள்ளே சின்ன ஃபியூசிங் துண்டை ஒட்டி, வெளியே முனையில் நெருக்கமாக பார்டாக் போடுவதுதான் வழி. பேன்ட்டில் அது டிசைன் மாதிரியே தெரியும். கோட்டில் தெரிந்துவிடும்.

மூலை சரியாக இருந்தும் பட்டி இரண்டும் நடுவில் வாய் பிளந்தால் பட்டியின் அகலம் குறைவு. ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அகலம் அதிகம். இதற்கும் கத்திரிக்கும் சம்பந்தமே இல்லை.

கோட்டுக்கு என்ன வித்தியாசம்?

கணக்கு அதேதான். மூடி வைத்த பாக்கெட் என்றால், முக்கோணத்தைத் தைத்த பிறகு மூடியை மேல் பட்டிக்கு அடியில் செருகித் தைப்பார்கள். அதனால் மூடியின் அகலம் வாயின் அகலத்தோடு சரியாகப் பொருந்த வேண்டும். மூடி பெரிதானால் மூலையை முட்டி வெளியே தள்ளும். கோட்டில் வலது இடது என இரண்டு பாக்கெட் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்பதால், இரண்டு முன்பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே நேரத்தில் மார்க் செய்வது நல்லது. பழகுகிறவர்கள் கோட் துணியில் கை வைக்கும் முன், மிச்சம் விழுந்த துண்டில் அதே ஃபியூசிங் வைத்து ஒரு பாக்கெட் முழுசாகத் தைத்துப் பார்த்துவிடுங்கள். துணி எவ்வளவு பிசிறும் என்பது அதில் தெரிந்துவிடும்.

தைக்கக் கொடுத்து வாங்குகிறவர்களுக்கும் ஒரு விஷயம். பாக்கெட்டின் இரு முனையையும் விரலால் பிடித்து லேசாக வெளியே இழுத்துப் பாருங்கள். மூலையில் நூல் எட்டிப் பார்க்காமல், ஓரம் நேராக நின்றால் வேலை சுத்தம். புதுக் கோட்டில் பட்டி இரண்டும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால் ‘டம்மி பாக்கெட்’ என்று உடனே நினைத்துவிட வேண்டாம். வடிவம் கலையாமல் இருக்க விட்டுவைத்த கைத்தையலாகவும் இருக்கலாம். டெய்லர் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நூலை மட்டும் பார்த்துப் பிரியுங்கள். அவசரத்தில் பிளேடு போட்டால் இவ்வளவு பாடுபட்ட பட்டியே கிழிந்துவிடும்!