செங்குத்தான வளைகோட்டில் பி.எச். கட்டுப்பாடு

பி.எச். 2 அளவிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலக் கழிவுநீரை எரிசோடாவால் நடுநிலையாக்கும்போது, பி.எச். 3 வருவதற்குள் அமிலத்தில் 90 சதவீதம் தீர்ந்துவிடும். 3-லிருந்து 4-க்கு 9 சதவீதமும் 5-லிருந்து 6-க்கு வெறும் 0.09 சதவீதமும் போதும். அதே ஒரு படி உயர, ஆயிரத்தில் ஒரு பங்கு காரம்! தரம்பார்த்தல் வளைகோடு 7-ஐ ஒட்டிச் செங்குத்தாக எழுவது இதனால்தான்.

சாதாரணக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு இது பெரும் சிக்கல். தொலைவிலுள்ள பி.எச்.-ஐ விரைவாகத் திருத்தும்படி அதன் பெருக்கத்தைக் கூட்டினால், 7-க்கு அருகே வால்வு மாறிமாறித் திறந்து மூடி, பி.எச். ஓயாமல் ஊசலாடும். குறைத்தால், மீள நெடுநேரம் ஆகும்.

பெருக்க ஈடுசெய்தலில், அளந்த பி.எச்., இலக்கான 7 இரண்டும் வளைகோட்டின் வழியே தேவையான கார அளவாக மாற்றப்படுகின்றன. பிழை அந்த அளவில் கணக்கிடப்படுகிறது. பி.எச். 4-ல் லிட்டருக்கு 0.0001 மோல் காரம் வேண்டும், 3-ல் 0.001 மோல். பி.எச். வித்தியாசம் 3-க்கு 4 என்றாலும் கருவி பத்து மடங்கு வலுவாகத் திருத்துகிறது.

ஆனால் கழிவுநீரில் கார்பனேட் போன்ற தாங்கல் பொருள்கள் கலந்தால் வளைகோடே மாறும். 7-க்கு அருகே மட்டும் ஊசலாட்டம் தொடங்கினால், உண்மை வளைகோடு கணக்கில் உள்ளதைவிடச் செங்குத்து என்று சந்தேகிக்கலாம். ஆகவே 7-க்கு அருகே சற்று மென்மையாகத் திருத்தும் ஈடுசெய்தலே பாதுகாப்பானது. ஒட்டிக்கொள்ளும் வால்வை மட்டும் இந்தக் கணக்கால் ஈடுகட்ட முடியாது.